மாடல் எப்ப நிக்கும்னே தெரியாத மோல்டுக்கு என்.பி.வி போடறது எப்படி?

வாளையார்_மோல்டிங்

எல்லாருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டுல எங்களுக்குச் சின்னதா ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட் இருக்குதுங்க. அப்பா ஆரம்பிச்சது, 4 மெஷின். கணக்கு வழக்கு இப்ப நான் பார்க்கறேன்.

கோயமுத்தூர்ல மேசை கிரைண்டர் பண்ற ஒரு கம்பெனி, புது மாடலுக்கு மேல்மூடியும் அடிப்பெட்டியும் எங்களை அடிச்சுத் தரச் சொல்லுது. மோல்டு செலவு எங்க தலையில. மோல்டுக்கு 26 லட்சம், மெட்டீரியல் ஸ்டாக்குக்கும் அவங்க பணம் தர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கவும் 4 லட்சம், ஆக 30 லட்சம் இப்பவே போடணும். வருஷத்துக்கு 50,000 செட். கூலி, கரண்ட், வரி எல்லாம் போக வருஷம் 10 லட்சம் கையில நிக்கும். திட்டம் 5 வருஷம். முடிவுல ஸ்டாக்குல போட்ட 4 லட்சம் திரும்பும், மோல்டை ஸ்கிராப்புக்குப் போட்டா 2 லட்சம் வரும். வரப்போற பணத்தையெல்லாம் 12% வச்சு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போடற 30 லட்சத்தைக் கழிச்சா என்.பி.வி 9.45 லட்சம் வருது. இதுவரைக்கும் சரிங்க.

சிக்கல் என்னன்னா, அந்தக் கம்பெனியோட பழைய மாடல் ஒண்ணு 7 வருஷம் ஓடுச்சு, இன்னொண்ணை 14 மாசத்துல நிறுத்திட்டாங்க. இந்தத் தடவை முதல் வருஷத்துக்கு மட்டும் உறுதியா பி.ஓ, அதாவது கொள்முதல் ஆர்டர், தர்றாங்க. அதுக்கப்புறம் "மார்க்கெட் பார்த்துத்தான்"னு பர்ச்சேஸ் மேனேஜர் நேராவே சொல்லிட்டார். எங்க பழைய ரிஜிஸ்டரைப் பார்த்தா வருஷத்துக்கு 15% வாய்ப்புல ஒரு மாடல் நிக்குது.

நான் போட்ட கணக்கு இது: 15% நாலு தடவை, அதாவது 60%. மாடல் கடைசி வரைக்கும் ஓட 40% வாய்ப்பு. 9.45-ஐ 0.40-ஆல பெருக்கினா 3.78 லட்சம். இன்னும் பிளஸ்லதான் இருக்கு, அதனால எடுக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஆனா மனசுல என்னமோ உறுத்திக்கிட்டே இருக்கு. எங்க தப்புன்னு யாராச்சும் சொல்லுங்க.

டூல்ரூம்_குரல்

தங்கச்சி, 5 வருஷத்துக்கு எதுக்குப் பயம்? பி20 ஸ்டீல்ல மோல்டு போட்டு, கூலிங் லைன் ஒழுங்கா வச்சு, நிறுத்தும்போது ரஸ்ட் ஆயில் அடிச்சு ரேக்குல ஏத்தினா 5 லட்சம் ஷாட் தாராளமா அடிக்கும். வருஷம் 50,000-ன்னா 10 வருஷம் வரும். மோல்டு பாதியில போறதுக்கு வாய்ப்பே இல்ல. கோர் பின் மட்டும் ரெண்டு செட் எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கோங்க.

வாளையார்_மோல்டிங்

அண்ணா, மோல்டு தேயறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லீங்க. மோல்டு நல்லா இருக்கும்போதே கம்பெனி அந்த மாடலை நிறுத்திட்டா என்ன பண்றதுங்கறதுதான் என் கேள்வி.

பழைய_காஸ்டிங்

அம்மிணி, உறுத்தினது நியாயம்தான். ரெண்டு இடத்துல சறுக்கியிருக்கீங்க.

முதல்ல பெரிய சறுக்கல். 9.45 லட்சங்கறது வரவும் செலவும் கழிச்ச மிச்சம். அந்த மிச்சத்தை 0.40-ஆல பெருக்கும்போது நீங்க போடற 30 லட்சத்தையும் சேர்த்துச் சுருக்கிடறீங்க. 30 லட்சம் இன்னிக்கே போகுது. மாடல் ஓடினாலும் நின்னாலும் அது போனது போனதுதான், அதுக்கு 40% கிடையாது. வாய்ப்பு ஒட்டவேண்டியது இனி வரப்போற ஒவ்வொரு வருஷத்து வரவுலயும் தனித்தனியா. உங்க முறையில ஒரு நல்ல திட்டம் எவ்வளவு ஆபத்தானதா இருந்தாலும் மைனஸ் ஆகவே ஆகாது. பிளஸ்ஸை எதால பெருக்கினாலும் பிளஸ்தானே. ஒரு கணக்கு எப்பவுமே "சரி"ன்னு மட்டும் சொல்லுச்சுன்னா அதை நம்பக்கூடாது.

ரெண்டாவது, 15%-ஐ நாலு தடவை கூட்டக்கூடாது. ரெண்டாம் வருஷம் நிக்கறதுக்கு, முதல் வருஷ முடிவுல அது உயிரோட இருந்திருக்கணும். 100 மாடல்ல 85 தாண்டும். அந்த 85-ல 15% நின்னா 72 சொச்சம். அதுல 15% நின்னா 61. கடைசியா 52. ஆக அஞ்சாம் வருஷம் ஓடறதுக்கு வாய்ப்பு 52%, நீங்க போட்ட 40 இல்ல.

முதல் வருஷம் பி.ஓ உறுதின்னு சொன்னதால அதுக்கு 100% வச்சுக் கணக்குப் போட்டேன். காரணிங்கறது அந்த வருஷம் வர்ற 1 ரூபாயோட இன்றைய மதிப்பு. லட்சத்துல:

```
வருஷம்  ஓடும் வாய்ப்பு  12% காரணி  10 லட்சத்தோட மதிப்பு
1       1.0000         0.8929     8.93
2       0.8500         0.7972     6.78
3       0.7225         0.7118     5.14
4       0.6141         0.6355     3.90
5       0.5220         0.5674     2.96
```

கூட்டினா 27.71. போட்டது 30. 2.29 லட்சம் குறையுது. இதோட நிறுத்தினா "வேண்டாம்"னு வரும். ஆனா இன்னும் முடியல. மாடல் நிக்கற அன்னிக்கு உங்க கைக்கு என்ன வரும்? அதைச் சொல்லுங்க, மீதியைப் போடலாம்.

எக்செல்ல போடறீங்கன்னா வாய்ப்பு B-யிலும், வரவு C-யிலும், காரணி D-யிலும் இருக்கட்டும்:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6,D2:D6)-30
```

வாளையார்_மோல்டிங்

ரொம்ப நன்றிங்க ஐயா. 30 லட்சத்தையும் சேர்த்துச் சுருக்கினது இப்ப பளிச்சுனு தெரியுது.

பாதியில நின்னா ஸ்டாக் 4 லட்சத்துல எல்லாம் திரும்பாது. அவங்க கலர்ல கலந்த மெட்டீரியல் வேற யாருக்கும் ஆகாது, அடிச்சு வச்ச மூடி அரைச்சுத்தான் போடணும். 2.5 லட்சம் தேறும். மோல்டு ஸ்கிராப் 2 லட்சம். ஆக 4.5. அஞ்சு வருஷமும் முழுசா ஓடினா 6.

பழைய_காஸ்டிங்

இதுக்கு வேற வாய்ப்பு வேணும். வரவுக்கு "அந்த வருஷம் ஓடிக்கிட்டிருக்க வாய்ப்பு" போட்டோம். நிக்கும்போது வர்ற பணத்துக்கு "சரியா அந்த வருஷ முடிவுல நிக்க வாய்ப்பு" போடணும். முதல் வருஷ முடிவுல நிக்க 15%, ரெண்டாவதுல 12.75%, மூணாவதுல 10.84%, நாலாவதுல 9.21%, நிக்காம அஞ்சும் ஓட 52.20%. அஞ்சையும் கூட்டிப் பாருங்க, 100 வரணும். வரலைன்னா எங்கயோ தப்பு. நான் இதை எப்பவும் தனியா ஒரு கட்டத்துல கூட்டி வைப்பேன்.

பாதியில நிக்கும்போது வர்ற 4.5-ஓட இன்றைய மதிப்பு 1.67, முழுசா ஓடினா வர்ற 6-ஓட மதிப்பு 1.78. ரெண்டும் 3.45. மைனஸ் 2.29-ல இதைச் சேர்த்தா பிளஸ் 1.16 லட்சம்.

நிக்கும்போது கிடைக்கற பணத்தை விட்டிருந்தா இதை வேண்டாம்னு தள்ளியிருப்பீங்க. அதனாலதான் கேட்டேன்.

வட்டிக்கணக்கு

இவ்வளவு சுத்தணுமா? நான் பேங்குல எம்.எஸ்.எம்.இ லோன் பார்த்தவன். ரிஸ்க் இருந்தா வட்டியில ஏத்திடணும், அவ்வளவுதான். 12%-ஓட 15% சேர்த்து 27%-ல டிஸ்கவுண்ட் பண்ணுங்க. மைனஸ் 2.36 லட்சம் வருது. திட்டம் தேறாது. ஒரே வரியில முடிஞ்சது.

பழைய_காஸ்டிங்

நண்பரே, உங்க வழியில பாதி உண்மை இருக்கு, அதை மறுக்கமாட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஒரே அளவு ஆபத்து, நின்னா கைக்கு ஒரு பைசா வராது, இந்த ரெண்டும் இருந்தா வாய்ப்பைத் தனியா போடறதும் வட்டியை ஏத்தறதும் ஒரே விடைதான் தரும். ஆனா அப்பவும் 27 இல்ல. 1.12-ஐ 0.85-ஆல வகுங்க, 1.318 வரும். 31.8%. கூட்டறது தோராயம், ஆபத்து கூடக்கூட தோராயம் விலகிக்கிட்டே போகும்.

இங்க அந்த ரெண்டுமே இல்ல. முதல் வருஷம் பி.ஓ உறுதி, அதுக்கு ஆபத்தே இல்லாதபோது நீங்க அந்த வருஷத்து 10 லட்சத்தையும் 27%-ல வெட்டறீங்க. அப்புறம், மாடல் நின்னா ஸ்டாக் பணம் காணாமப் போகாது, குறைஞ்சாலும் சீக்கிரமா வரும். உங்க வட்டி அதையும் அஞ்சாம் வருஷம் வரைக்கும் தள்ளிவச்சு நசுக்குது. உங்களுக்கும் எனக்கும் 3.5 லட்சம் வித்தியாசம் வர்றது இந்த ரெண்டு இடத்துலதான்.

இதைவிடப் பெரிய தொல்லை, ரெண்டையும் சேர்த்துப் பண்றது. வாய்ப்பையும் போட்டுட்டு "எதுக்கும் இருக்கட்டும்"னு வட்டியையும் 20-க்கு ஏத்துவாங்க. ஒரே ஆபத்துக்கு ரெண்டு தடவை அபராதம் கட்டற மாதிரி. மாடல் நிக்கற ஆபத்தை வாய்ப்புல சொல்லிட்டா, வட்டி 12-லயே இருக்கட்டும்.

வட்டிக்கணக்கு

முதல் வருஷம் உறுதிங்கறதை நான் கவனிக்கல, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. பி.ஓ இருந்தும் ஷெட்யூல் தராம இழுத்தடிக்கற கம்பெனி எத்தனை பார்த்திருக்கேன். "உறுதி"ன்னு 100% போடறதை நான் ஏத்துக்கல.

பழைய_காஸ்டிங்

அது நல்ல கேள்வி. பி.ஓ-வுல மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கா, மாசாமாசம் எடுத்தாகணும்னு இருக்கா? அம்மிணி அதைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்.

வாளையார்_மோல்டிங்

மொத்த எண்ணிக்கை மட்டும்தாங்க இருக்கு. 50,000, 12 மாசத்துக்குள்ள. பேசிப் பார்க்கறேன்.

இன்னொண்ணும் கேட்கணும். எங்க ஆடிட்டர், "இத்தனை கட்டம் எதுக்கு, சராசரியா 3.7 வருஷம் ஓடும், 3.7 வருஷத்துக்கு ஒரே கணக்காப் போடு"ன்னார். உங்க வாய்ப்புகளைக் கூட்டினா எனக்கும் 3.7 தான் வருது. அது போதாதா?

பழைய_காஸ்டிங்

3.7 சரி. அதை வச்சு வர்ற பணக்கணக்கு கொஞ்சம் கூடுதலா காட்டும். 3.7 வருஷம் நிச்சயமா ஓடும்னு வச்சா வரவோட மதிப்பு 28.6 லட்சம், வாய்ப்பு வச்சுப் போட்டா 27.7. கிட்டத்தட்ட 90,000 ரூபாய் இல்லாத பணம். முதல் வருஷத்துலயே நின்னா நீங்க இழக்கறது கிட்டத்து வருஷங்கள், அதோட மதிப்பு அதிகம். அஞ்சு வரைக்கும் ஓடினா கூடக் கிடைக்கறது தூரத்து வருஷங்கள், அதோட மதிப்பு குறைவு. சராசரி இந்த ரெண்டையும் சமமா பாவிச்சுடுது. உங்க திட்டத்துல மொத்த லாபமே 1.16. அதுல 0.9 சின்ன விஷயம் இல்ல.

டூல்ரூம்_குரல்

முதல்ல கேள்வியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மன்னிக்கணும். இப்ப முழுசாப் படிச்சேன். ஆனா அந்த 2 லட்சம் ஸ்கிராப்பு என் கண்ணுல குத்துது.

வீட்டுச் சாமான் கம்பெனி மாடலை நிறுத்தினாலும் ஸ்பேர் கொடுத்தாகணும். விற்ற கிரைண்டருக்கு மூடி உடைஞ்சா எங்க போவாங்க? உங்ககிட்டத்தான் வருவாங்க. வருஷத்துக்கு 300, 400 பீஸுக்கு ஆர்டர் வரும். அதுக்காக மோல்டை ஏத்தி, பர்ஜ் பண்ணி, செட் பண்ணி, அரை ஷிப்டு போயிடும். வேண்டாம்னு சொல்லமுடியாது, சொன்னா அடுத்த மாடல் வராது. எங்க டூல்ரூம் பின்னாடி இப்பவும் 11 மோல்டு நிக்குது. சுண்ணாம்புக்கட்டியில "ஸ்பேர்"னு எழுதி, மேல தார்ப்பாய் போட்டு. ஒண்ணு மேல எழுதின எழுத்தே அழிஞ்சு போச்சு, யார் மோல்டுன்னு தெரியறதுக்கு மழை நாள்ல பிரிச்சுப் பார்த்தோம். அதுல ஒண்ணைக்கூட எங்க முதலாளியால இன்னிவரைக்கும் ஸ்கிராப்புக்குப் போட முடியல.

நின்ன அன்னிக்கே 2 லட்சம் வரும்னு எழுதாதீங்க.

பழைய_காஸ்டிங்

இது எனக்குத் தோணவே இல்ல. தொழில்ல நிக்கறவர் சொன்னாத்தான் வரும். அந்த 2 லட்சத்தை எல்லா இடத்துலயும் எடுத்துட்டுப் போட்டுப் பார்த்தேன். 1.16 போய் மைனஸ் 0.17 லட்சம் ஆகுது. அதாவது 15%-ல திட்டம் வரவுக்கும் செலவுக்கும் சரி. ஸ்பேர்ல சில்லறை வரும், செட்டிங் செலவும் இருக்கும், ரெண்டும் அடிச்சுப்போகும்னு விட்டுடலாம்.

இனி எல்லாம் அந்த 15%-ல நிக்குது. அது எங்கேருந்து வந்துச்சு?

கொழிஞ்சாம்பாறை

நான் இதை அனுபவிச்சவன், அதனால சொல்றேன். எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பிளாஸ்டிக் டம்ளர் யூனிட் இருந்துச்சு. 2018 ஜூன்ல தமிழ்நாட்டுல அறிவிச்சாங்க, 2019 ஜனவரி 1-லேர்ந்து தடை. ஆறு மாசம் அவகாசம் இருந்துச்சு. மெஷினைக் கழட்டி லாரியில ஏத்தி எல்லை தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். ஷெட் வாடகை, கரண்ட் கனெக்‌ஷன், மெஷினை மறுபடி நிறுத்தறது, எல்லாம் சேர்த்து 9 லட்சம் ஆச்சு. 3 வருஷத்துல எடுத்துடலாம்னு நினைச்சேன். 2019 நவம்பர்ல கேரளாவுலயும் அறிவிச்சாங்க, 2020 ஜனவரி 1-லேர்ந்து தடை. ரெண்டு மாசம்கூட இல்ல. 2022 ஜூலை 1-ல நாடு முழுக்க வந்துடுச்சு.

யாராச்சும் என்கிட்ட அப்ப "வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு"ன்னு கேட்டிருந்தா 5, 10-ன்னு சொல்லியிருப்பேன். பக்கத்து மாநிலத்துல தடை வந்தப்புறமும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் என் தப்பு. அதே டிவி, அதே செய்தி, அதே கடற்கரை, அதே குப்பை. இங்க மட்டும் வராம போகுமா?

மெஷின் இப்ப தயிர் கப் அடிக்குது. அதனால பொழைச்சேன்.

பழைய_காஸ்டிங்

ஐயா, உங்க கதையில இருக்கறது ரெண்டாவது வகை ஆபத்து. நாம பேசிக்கிட்டிருக்கற 15% தேய்மானம் மாதிரி, எந்த வருஷமும் வரலாம். உங்களுது தேதி குறிச்சு வர்றது. பி.எஸ்.4 வண்டியும் அப்படித்தான். 2020 மார்ச் 31-க்கு அப்புறம் விற்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபர்லயே சொல்லிடுச்சு. அப்ப கார்புரேட்டர் பாகத்துக்கு மோல்டோ டையோ போடறவன் ஒவ்வொரு வருஷத்துக்கும் 15%-ன்னு போட்டா ரெண்டு பக்கமும் தப்பு. அந்தத் தேதி வரைக்கும் ஆபத்து கம்மி, தேதி அன்னிக்கு கிட்டத்தட்ட முழுசு. சராசரி ஒண்ணா வந்தாலும் பணம் வர்ற வருஷம் மாறிடும்.

கிரைண்டருக்கு அப்படி ஒரு தேதி என் கண்ணுக்குத் தெரியல. ஆனா செய்தி வந்தா, வந்த அன்னிக்கே வாய்ப்பை மாத்தணுங்கறது உங்ககிட்ட நான் எடுத்துக்கற பாடம்.

வாளையார்_மோல்டிங்

15% எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க. அப்பாவோட நீல அட்டை நோட்டு ஒண்ணு இருக்குங்க. ஒரு மோல்டுக்கு ஒரு பக்கம். முதல் ஷாட் அடிச்ச தேதி மேல, நின்னதுன்னா கடைசித் தேதி சிவப்பு மையில. 22 மோல்டு. அதுல 9 நின்னுடுச்சு, 13 ஓடுது. நான் முதல்ல நின்ன 9-ஐ மட்டும் எடுத்து சராசரி பார்த்தேன், 2.8 வருஷம் வந்துச்சு. அப்படின்னா வருஷத்துக்கு 36% ஆகுது, அது ரொம்ப அதிகமாத் தெரிஞ்சது. அதனால மாத்திப் போட்டேன்: ஒவ்வொரு மோல்டும் எத்தனை வருஷ முடிவைச் சந்திச்சதுன்னு எண்ணினேன். நின்ன 9-ம் சேர்த்து 25, ஓடற 13-ம் சேர்த்து 35. மொத்தம் 60. அதுல நின்னது 9. 9-ஐ 60-ஆல வகுத்தா 15%.

பழைய_காஸ்டிங்

பிரமாதம் அம்மிணி. முதல்ல என்.பி.வி-யில சறுக்கினவங்க இதைச் சரியாப் பண்ணியிருக்கீங்க. செத்ததை மட்டும் எண்ணினா ஆயுசு எப்பவும் குறைவாத்தான் தெரியும். ஓடிக்கிட்டிருக்கறது தாண்டின வருஷத்தையும் கீழ சேர்க்கணும். அனுபவப்பட்டவங்களே இதை விட்டுடுவாங்க.

ஒண்ணு மட்டும் கேட்கறேன். அந்த 22-ல வீட்டுச் சாமான் மூடி, பெட்டி எத்தனை? பம்புசெட் பாகமும் எலக்ட்ரிக்கல் பாகமும் பத்து வருஷம் மாறாம ஓடும். வெளியில தெரியற மூடி அப்படி இல்ல. கலர் பழசாச்சுன்னா மாத்திடுவாங்க.

வாளையார்_மோல்டிங்

இப்பத்தான் நோட்டை மறுபடி புரட்டினேன். வீட்டுச் சாமான் வெளிப்பாகம் மட்டும் எடுத்தா 24 வருஷ முடிவு, அதுல 5 நின்னது. 21%.

21% வச்சுப் போட்டா மைனஸ் 2.91 லட்சம் வருது. அப்பாகிட்ட காட்டினேன். நோட்டை வாங்கி அந்த அஞ்சு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல.

வட்டிக்கணக்கு

அஞ்சு மோல்டை வச்சு 21%-ன்னு சொல்றது பெரிய பேச்சுங்க. ஒண்ணு நிக்காம இருந்திருந்தா 17 ஆகும், ஒண்ணு கூட நின்னிருந்தா 25.

பழைய_காஸ்டிங்

அதுல உங்களோட முழுசா ஒத்துப்போறேன். அதனாலதான் 15-ஆ 21-ஆன்னு சண்டை போடறதுல பிரயோஜனம் இல்லங்கறேன். ரெண்டுலயும் நிக்கற மாதிரி ஒப்பந்தத்தை மாத்த முடியுமான்னு பார்க்கணும்.

இன்னொண்ணையும் அம்மிணி அப்பாகிட்ட காட்டணும். மைனஸ் 0.17-ங்கறது எந்த வருஷமும் வராத நம்பர். நிஜத்துல நடக்கறது இதுல ஏதாவது ஒண்ணு: முதல் வருஷ முடிவுல நின்னா 18.8 லட்சம் நஷ்டம், ரெண்டுல நின்னா 11.1 நஷ்டம், மூணுல 4.2 நஷ்டம், நாலுல நின்னா 2 லாபம், அஞ்சும் ஓடினா 8.3 லாபம். 15% வச்சாலும் நஷ்டமாகற வாய்ப்பு 39%. பத்து மோல்டு போடற பெரிய கம்பெனிக்கு இது ஒண்ணோட ஒண்ணு சரியாயிடும். 4 மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு 18.8 லட்சம் ஒரே அடியில போனா இ.எம்.ஐ யார் கட்டறது? என்.பி.வி இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது, பக்கத்துல தனியா எழுதி வைக்கணும்.

வலி முதல் ரெண்டு வருஷத்துலதான். அதனால அங்க மட்டும் பாதுகாப்புக் கேளுங்க. முதல் வருஷ முடிவுல நிறுத்தினா மோல்டு செலவுல வரி போக 12 லட்சம், ரெண்டாவதுல நிறுத்தினா 6 லட்சம் அவங்க தரணும்னு ஒரு ஷரத்து. 15%-ல இதோட மதிப்பு 2.22 லட்சம். திட்டம் பிளஸ் 2.04 ஆகும். 21%-ல ஷரத்தோட மதிப்பு 3.04, திட்டம் பிளஸ் 0.14. ரெண்டுலயும் தாங்குது.

கொழிஞ்சாம்பாறை

இதெல்லாம் எழுதிக் கொடுப்பாங்களா? எனக்கு யாரும் கொடுத்ததில்ல.

டூல்ரூம்_குரல்

கார் கம்பெனிக்குப் பண்றவங்க வாங்கறாங்க. மோல்டு செலவை பீஸ் விலையில பிரிச்சுப் போட்டு, இத்தனை பீஸுக்கு முன்னாடி நிறுத்தினா மிச்சத்தைக் கொடுத்துடணும்னு. கிரைண்டர்காரங்க பழக்கத்துல இல்ல. கேட்டா ஒண்ணும் தப்பில்ல.

மாடல் நிக்கப்போறதும் திடீர்னு தெரியாது தங்கச்சி, முன்னாடியே வாடை அடிக்கும். வாராவாரம் வர்ற ஷெட்யூல் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஆகும். "கலர் மட்டும் மாத்தி 200 பீஸ் சாம்பிள் கொடுங்க"ம்பாங்க. பக்கத்து டூல்ரூம்ல அதே கம்பெனி புது மூடிக்கு ரேட் கேட்டிருப்பாங்க. அப்ப மெட்டீரியலை டன் கணக்குல வாங்கி வைக்காதீங்க. அந்த 2.5 லட்சத்தை 3.5 ஆக்கறது உங்க கையிலதான் இருக்கு.

ஆனா அதே சமயம், கடைசி ஆறு மாசம் முழு 10 லட்சம் கணக்குல வராதுங்கறதையும் ஐயா போடணும். ஆர்டர் மெலிஞ்சுதான் சாகும்.

பழைய_காஸ்டிங்

உண்மை. நான் போட்டது ஓடினா முழுசா ஓடும், நின்னா சட்டுனு நிக்கும்ங்கற கணக்கு. நிக்கற வருஷத்துல வரவு 10-க்குப் பதிலா 7-ன்னு வச்சா இன்னும் கொஞ்சம் இறங்கும். 15%-ல ஒரு லட்சத்துக்கு மேல இறங்கும். அம்மிணி, கடைசி வருஷத்தை எப்படி வைக்கறதுன்னு அப்பாவைக் கேட்டு முடிவு பண்ணுங்க, எனக்கு அந்த அனுபவம் இல்ல.

வாளையார்_மோல்டிங் (நாலு நாள் கழிச்சு)

நேத்து கோயமுத்தூர் போய் பேசிட்டு வந்தோம். ஷரத்து முடியாதுன்னுட்டாங்க. "எங்க கம்பெனியில அந்தப் பழக்கமே இல்ல"ன்னார் பர்ச்சேஸ் மேனேஜர். அதுக்குப் பதிலா செட்டுக்கு 2 ரூபாய் கூடத் தர்றாங்களாம். மாசாமாசம் குறைஞ்சது 3,000 செட் எடுக்கறதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க.

2 ரூபாய்ல 25% வரி போனா வருஷத்துக்கு 75,000. போட்டுப் பார்த்தேன். 15%-ல திட்டம் பிளஸ் 1.90 ஆகுது, ஷரத்தோட கிட்டத்தட்ட அதே. அப்பா, "அப்புறம் என்ன, எடுத்துக்கலாம்"ங்கறார். ஆனா 21%-ல மைனஸ் 1.03.

பழைய_காஸ்டிங்

ரெண்டும் ஒண்ணு மாதிரித் தெரிஞ்சாலும் ஒண்ணு இல்ல. 2 ரூபாய் மாடல் ஓடினாத்தான் வரும். ஓடும்போது உங்களுக்குப் பணம் தேவையே இல்ல. ஷரத்துப் பணம் நிக்கும்போது வரும், அப்பத்தான் இ.எம்.ஐ-க்குத் தேவை. ஆபத்து கூடக்கூட ஷரத்தோட மதிப்பு கூடும், 2 ரூபாயோட மதிப்பு குறையும்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கு. மாடல் எத்தனை நாள் ஓடும்னு நம்மளைவிட அவங்களுக்குத் தெரியும். 15%-ன்னு அவங்க நம்பியிருந்தா ஷரத்தும் 2 ரூபாயும் அவங்களுக்கு ஒரே செலவுதான். ஒண்ணை மட்டும் மறுக்கறாங்கன்னா, ஆபத்து அதைவிட அதிகம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்.

வட்டிக்கணக்கு

அப்படிச் சொல்லிட முடியாதுங்க. பர்ச்சேஸ் மேனேஜருக்கு விலையில ரெண்டு ரூபாய் ஏத்த அதிகாரம் இருக்கும். நாளைக்கு 12 லட்சம் தர்றேன்னு எழுதிக் கொடுக்க அதிகாரம் இருக்காது. அதுக்கு டைரக்டர் கையெழுத்து வேணும், அவர் அங்க போய் நிக்க விரும்பமாட்டார். மறுத்தது அதனாலயும் இருக்கலாம்.

டூல்ரூம்_குரல்

ரெண்டு பேர் சொல்றதும் நடக்கும். ஒண்ணு பண்ணுங்க தங்கச்சி. முதல் வருஷத்துக்கு மட்டும் ஷரத்துக் கேளுங்க, 2 ரூபாயை 1 ரூபாயாக் குறைச்சுக்கோங்க. மேனேஜர்கிட்ட கேட்காதீங்க, முதலாளிகிட்ட கேளுங்க. சின்னக் கம்பெனிதானே, முதலாளி சாயங்காலம் ஷாப் ஃப்ளோர்லதான் இருப்பார்.

வாளையார்_மோல்டிங்

15%-ல முதல் வருஷ ஷரத்து மட்டும் 1.61, ஒரு ரூபாய் 1.04. திட்டம் பிளஸ் 2.47 வருது. 21%-ல பிளஸ் 0.28. போட்டதும் அப்பாகிட்ட காட்டிட்டேன். திங்கக்கிழமை போறோம். இந்தத் தடவை நீல நோட்டையும் கையில எடுத்துக்கிட்டு வர்றேன்னு அப்பாவே சொன்னார்.